சரக்கு கிளம்பும் முன்பே கேளுங்கள்: இறக்குமதி ஆவணங்களைப் பற்றிச் சுங்க முகவரிடம் பேசும் முறை

முதன்முறையாக வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பவர் சுங்க முகவருக்குப் பெரும்பாலும் ஒரே வரியில் எழுதுகிறார்: "இறக்குமதிக்கு என்னென்ன டாக்குமென்ட் வேண்டும்?" பதிலும் ஒரே வரியில் வந்துவிடும்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கை ஏற்றியதும் கப்பல் நிறுவனம் தருகிற பில் ஆஃப் லேடிங். பதிலில் பிழை இல்லை. ஆனால் அது எந்தச் சரக்குக்கும் பொருந்துகிற பதில். கேள்வியில் உங்கள் சரக்கைப் பற்றி ஒன்றும் இல்லாததால் பதிலிலும் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்துச் சரக்கு வந்து இறங்கிய பிறகு, "பேட்டரி சோதனைச் சான்று எங்கே?" என்று முகவர் கேட்பார். அதைத் தரவேண்டிய விற்பனையாளர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆர்டருக்குப் போயிருப்பார். கிடங்கில் நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

முகவரிடம் கேட்பது ஒரு வேலை. அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது, முன்கூட்டியே சேகரிக்கவேண்டிய விவரங்கள் இருக்கின்றன, கேட்டு வாங்கவேண்டிய பதிலுக்கு ஒரு வடிவமும் இருக்கிறது. ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு அதை முதலிலிருந்து பார்ப்போம்.

சரக்கு இதுதான்: சார்ஜ் செய்து பயன்படுத்தும் எல்.இ.டி. மேசை விளக்குகள், 1,200 எண்ணிக்கை. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு லித்தியம் அயான் பேட்டரி. ஒரு அட்டைப்பெட்டிக்கு 20 விளக்குகள் வீதம் 60 பெட்டிகள். அவற்றை மூன்று மரப் பேலட்டுகளில் அடுக்கிக் கப்பலில் அனுப்புகிறார்கள். முழுக் கன்டெய்னர் தேவைப்படாத அளவு என்பதால் மற்றவர்களுடைய சரக்கோடு சேர்ந்து எல்.சி.எல். முறையில் வரும். விளக்கின் மேல் வாங்குபவரின் சின்னம் பதிக்கவேண்டும். அதற்கான அச்சுக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறார்.

எப்போது கேட்பது

விற்பனையாளருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்பு கேட்க வேண்டும். அது முடியாமல் போனால், சரக்கு கப்பலில் ஏறுவதற்கு முன்பாவது கேட்டாக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் நீங்கள் கேட்பது தகவலாக இருக்கும், திருத்தும் வாய்ப்பு இருக்காது.

காரணம் எளிது. ஆவணங்களில் இரண்டு வகை இருக்கிறது. ஒரு வகையைச் சரக்கு கிளம்பிய பிறகும் சரிசெய்யலாம். இன்வாய்ஸில் எழுத்துப்பிழை இருந்தால் விற்பனையாளர் திருத்தி அனுப்புவார். பேக்கிங் லிஸ்டில் எடை விட்டுப்போயிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொரு வகை, சரக்கு கிளம்புவதற்கு முன்பே இருந்தாக வேண்டியது. கிளம்பும் இடத்தில் செய்யவேண்டிய ஏற்றுமதிக்கு முந்தைய ஆய்வு, மரத்துக்கான வெப்பச் சிகிச்சை, செடிகளுக்கும் விதைகளுக்கும் அந்நாட்டு அரசு தருகிற தாவர நலச் சான்று, முன்கூட்டியே வாங்கவேண்டிய இறக்குமதி உரிமம் எல்லாம் இந்த வகை. கடலில் மிதந்துகொண்டிருக்கிற சரக்குக்கு ஆய்வு செய்ய ஆள் அனுப்ப முடியாது. சில ஊர்களில் இறக்குமதி உரிமத்தின் தேதி பில் ஆஃப் லேடிங்கின் தேதிக்கு ஒரு நாள் பிந்தியிருந்தாலே ஏற்கமாட்டார்கள்.

அதனால் முகவர் தருகிற பட்டியலில் நான் முதலில் தேடுவது ஆவணத்தின் பெயரை அல்ல. "இது கப்பல் கிளம்புவதற்கு முன்பு கையில் இருக்க வேண்டுமா?" என்பதைத்தான்.

முகவருக்குத் தேவைப்படும் விவரங்கள்

ஒரு நல்ல முகவர், பதில் சொல்வதற்கு முன்பு உங்களிடம் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வைத்திருந்தால் இரண்டு நாள் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

முதலில் பொருள் என்ன என்பது. "விளக்கு" என்று மட்டும் எழுதினால் போதாது. எதனால் செய்யப்பட்டது, எதற்குப் பயன்படுகிறது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, கையில் எடுத்துச் செல்வதா மேசையில் நிற்பதா என்று எழுத வேண்டும். இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். பொருட்களை வகைப்படுத்துகிற, உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். குறியீட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது. 1988 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த முறையில் முதல் ஆறு இலக்கங்கள் நாடுகளுக்குப் பொது. அதற்குப் பின்னால் வருகிற இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தனக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறது. வரிவிகிதம் மட்டுமல்ல, எந்தத் துறையின் அனுமதி வேண்டும், எந்தச் சான்று வேண்டும் என்பதும் பெரும்பாலும் இந்தக் குறியீட்டோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. குறியீடு மாறினால் ஆவணப் பட்டியலே மாறிவிடும்.

நம்முடைய விளக்கையே பாருங்கள். தனக்குள்ளேயே மின்சாரம் வைத்திருக்கிற, கையிலோ உடம்பிலோ எடுத்துச் செல்வதற்கான விளக்குகள் 8513 என்ற தலைப்பில் வரும். டார்ச் லைட் அங்கேதான் இருக்கிறது. மேசை விளக்குகளுக்கு இடம் 9405. உள்ளே பேட்டரி இருக்கிறது என்பதற்காகவே மேசை விளக்கு 8513க்குப் போய்விடாது. மேசையில் நிற்பதற்காகச் செய்யப்பட்டதா, எடுத்துக்கொண்டு நடப்பதற்காகச் செய்யப்பட்டதா என்பதே கேள்வி. மேலே பிடி இருக்கிற மாதிரியாக இருந்தால் விவாதம் வரும். விற்பனையாளர் தன் இன்வாய்ஸில் ஒரு குறியீடு போட்டு அனுப்புவார். அது அவருடைய நாட்டு ஏற்றுமதிக்காக அவர் பயன்படுத்துவது. முதல் ஆறு இலக்கம் ஒத்துப்போகலாம். அதுவும் அவர் சரியாகப் போட்டிருந்தால்தான். அதை முகவருக்குச் சொல்லுங்கள், ஆனால் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும்விடப் பயன்படுவது நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களும் உற்பத்தியாளரின் தொழில்நுட்ப விவரத் தாளும்தான்.

அடுத்து, எங்கே செய்யப்பட்டது, எங்கிருந்து கிளம்புகிறது. இவை இரண்டும் வெவ்வேறு நாடுகளாக இருக்கலாம். வரிச் சலுகை தருகிற வர்த்தக ஒப்பந்தம் இருந்தால், செய்யப்பட்ட நாட்டின் சான்று தேவைப்படும். வழியில் மூன்றாவது நாட்டில் இறக்கி ஏற்றினால், சரக்கு நேராகத்தான் வந்தது என்பதற்கு ஆதாரமும் கேட்கலாம்.

மூன்றாவது விற்பனை நிபந்தனை. சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு விற்பனையாளரின் செலவு முடிகிற எஃப்.ஓ.பி.யா, கப்பல் கட்டணமும் காப்பீடும் விலையிலேயே சேர்ந்த சி.ஐ.எஃப்.பா, அவருடைய இடத்திலேயே நீங்கள் எடுத்துக்கொள்கிற எக்ஸ் ஒர்க்ஸா என்பதைப் பொறுத்து எந்தச் செலவுக்கு எந்தத் தாள் காட்டவேண்டும் என்பது மாறும். பொருளின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கட்டணம் 9, காப்பீடு 1. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தம், கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சுங்க மதிப்பில் சேர்ப்பதா விடுவதா என்பதை ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டிருக்கிறது. சேர்க்கிற நாடாக இருந்தால் வரி கணக்கிடும் மதிப்பு 110. எஃப்.ஓ.பி.யில் வாங்கினால் இன்வாய்ஸில் 100 மட்டும்தான் இருக்கும். மீதி 10க்கு கப்பல் கட்டண ரசீதும் காப்பீட்டுச் சான்றும் நீங்கள் தரவேண்டும். தராவிட்டால் சில நாடுகளில் விலையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைச் சட்டப்படி சுங்கத் துறையே கூட்டிக்கொள்ளும். அது உண்மையில் நீங்கள் கட்டியதைவிடக் கூடுதலாக இருக்கும் வாய்ப்பு உண்டு. எல்லாச் செலவும் விற்பனையாளருடையது என்கிற டி.டி.பி. நிபந்தனையில் வாங்கினால், ஆவணங்களில் இறக்குமதியாளர் என்று யாருடைய பெயர் வரப்போகிறது என்பதை முதலிலேயே கேளுங்கள். பல நேரங்களில் விற்பனையாளரால் அந்த நாட்டில் இறக்குமதியாளராகப் பதிவு செய்யவே முடியாது.

நான்காவதாக, பேக்கிங். மரம் இருக்கிறதா என்பதைப் பலரும் சொல்வதில்லை, ஏனென்றால் மரத்தை அவர்கள் வாங்கவில்லை. ஆனால் மரப் பேலட்டுக்கும் மரப்பெட்டிக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது. பூச்சி இல்லாதபடி மரத்துக்கு வெப்பம் ஏற்றியோ புகையூட்டியோ சிகிச்சை செய்து, அதற்கான முத்திரையை மரத்தின் மேலேயே பதிக்கவேண்டும். பெரும்பாலான இடங்களில் தாளைவிட மரத்தில் இருக்கிற முத்திரையைத்தான் பார்ப்பார்கள். முத்திரை இல்லாவிட்டால் பேலட்டை அழிக்கச் சொல்லலாம், சிகிச்சை செய்யச் சொல்லலாம், சில நேரம் சரக்கையே திருப்பி அனுப்பச் சொல்லலாம்.

ஐந்தாவதாக, பணம். விலையைத் தவிர வேறு எதற்காவது விற்பனையாளருக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களா? அச்சு, வடிவமைப்பு, ராயல்டி, கமிஷன் என்று எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். இது ரகசியம் இல்லையா என்று தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். முகவரிடம் மறைத்த தொகை வங்கிப் பரிமாற்றத்தில் தெரியும். இன்வாய்ஸ் தொகையும் வங்கியில் போன தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால் சுங்க அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

எழுதவேண்டிய கடிதம்

இந்த விவரங்களோடு எழுதினால் இப்படி இருக்கும். தொலைபேசியில் பேசினாலும் பேசி முடித்த கையோடு இதை எழுதி அனுப்பிவிடுங்கள்.

> வணக்கம் ஐயா,
>
> சார்ஜ் செய்யும் எல்.இ.டி. மேசை விளக்குகள் 1,200 இறக்குமதி செய்ய இருக்கிறோம். முன்பணம் இன்னும் அனுப்பவில்லை. இந்தப் பொருளை நாங்கள் இறக்குமதி செய்வது இதுவே முதல்முறை.
>
> அலுமினிய உடல், மேசையில் நிற்கும் அடிப்பகுதி, கைப்பிடி இல்லை. உள்ளே லித்தியம் அயான் பேட்டரி, கழற்ற முடியாதது. படங்களும் தொழில்நுட்ப விவரத் தாளும் இணைத்திருக்கிறோம். விற்பனையாளர் 9405 தலைப்பில் குறியீடு தந்திருக்கிறார்; உங்கள் கருத்து வேண்டும்.
>
> உற்பத்தி செய்யும் நாடும் கப்பல் கிளம்பும் நாடும் ஒன்றே. எஃப்.ஓ.பி. விலை. கப்பல், எல்.சி.எல். 60 அட்டைப்பெட்டிகள், மூன்று மரப் பேலட்டுகள். சின்னம் பதிக்கும் அச்சுக்காகத் தனியாக ஒரு தொகை கட்டியிருக்கிறோம். அது இன்வாய்ஸில் இல்லை. பொருள் விற்பனைக்கு.
>
> ஒவ்வொரு ஆவணத்துக்கும் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறோம்: யார் தரவேண்டும், அசல் வேண்டுமா நகல் போதுமா, கப்பல் கிளம்பும் முன் தயாராக இருக்க வேண்டுமா, அதில் கட்டாயம் இருக்கவேண்டிய விவரங்கள் எவை, இல்லாவிட்டால் என்ன ஆகும்.
>
> எங்கள் பெயரில் ஏதாவது பதிவோ உரிமமோ வாங்கவேண்டியிருந்தால் அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

கடிதத்தில் "முன்பணம் இன்னும் அனுப்பவில்லை" என்பதைச் சும்மா எழுதவில்லை. விற்பனையாளரிடம் பேச இன்னும் இடம் இருக்கிறது என்று முகவருக்கு அது சொல்கிறது. சான்றிதழ்களைத் தருவது விற்பனையாளரின் பொறுப்பு என்று ஆர்டரிலேயே எழுதிவிடலாம். "பொருள் விற்பனைக்கு" என்பதும் அப்படித்தான். மாதிரிக்கு வரவழைப்பதற்கும் சொந்தப் பயன்பாட்டுக்கும் விற்பனைக்கும் அனுமதிகள் வேறுவேறாக இருக்கலாம்.

கடைசியில் இருக்கிற ஐந்து கேள்விகளில் பலரும் விட்டுவிடுவது நான்காவதை: ஆவணத்தில் என்ன இருக்க வேண்டும். "சோதனை அறிக்கை வேண்டும்" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, விற்பனையாளரிடம் வாங்கியும் வைத்திருப்பார்கள். திறந்து பார்த்தால் மாடல் எண் வேறாக இருக்கும், அல்லது ஏற்கப்படாத ஆய்வகத்தின் அறிக்கையாக இருக்கும். பெயர் சரியாக இருக்கிற தவறான தாள் அது.

பதிலை எப்படிப் படிப்பது

நம்முடைய விளக்குக்கு முகவரின் பதில் ஏறத்தாழ நான்கு பகுதியாக வரும்.

எல்லாச் சரக்குக்கும் பொதுவானவை முதல் பகுதி: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், காப்பீட்டுச் சான்று, கப்பல் கட்டண ரசீது. இதில் கவனித்துக் கேட்கவேண்டியது பில் ஆஃப் லேடிங்கைப் பற்றித்தான். அது சரக்கின் உரிமையைக் காட்டும் தாளாக இருக்கலாம். வழக்கமாக மூன்று அசல்கள் போடுவார்கள். அவற்றில் ஒன்றைக் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்தால்தான் சரக்கை விடுவிப்பார்கள். கப்பல் வந்துவிட்டது, அசல் இன்னும் கூரியரில் இருக்கிறது என்பது அடிக்கடி நடக்கிற கதை. விற்பனையாளர் அசலைத் தன் ஊரிலேயே கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் அதற்கு டெலக்ஸ் ரிலீஸ் என்று பெயர். அப்போது இங்கே அசல் தேவையில்லை. உரிமைத் தாளாக இல்லாத சீ வேபில் போட்டாலும் தேவையில்லை. எது வரப்போகிறது என்பதை முகவருக்கு முன்பே சொல்லுங்கள். நம்முடைய சரக்கு மற்றவர்களோடு சேர்ந்து வருவதால் இரண்டு பில் இருக்கும். கப்பல் நிறுவனம் சரக்குத் திரட்டுபவருக்குத் தருவது மாஸ்டர் பில், திரட்டுபவர் நமக்குத் தருவது ஹவுஸ் பில். எந்த எண்ணைச் சுங்கத்தில் காட்டவேண்டும், சரக்கை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டெலிவரி ஆர்டரை யாரிடம் வாங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் வந்தால் இந்தத் தலைவலி குறைவு. ஏர்வே பில் உரிமைத் தாள் அல்ல.

இரண்டாம் பகுதி இந்தப் பொருளுக்கே உரியவை. லித்தியம் பேட்டரி இருப்பதால், அது போக்குவரத்துக்குப் பாதுகாப்பானது என்று காட்டும் யு.என். 38.3 சோதனைச் சுருக்கம் கேட்பார்கள். உற்பத்தியாளர் இதைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் விதி. சாதனத்தோடு வருகிற லித்தியம் அயான் பேட்டரிக்கான ஆபத்துப் பொருள் எண் யு.என். 3481. தனியாக வருகிற பேட்டரிக்கு எண் வேறு, விதியும் வேறு. இந்தத் தாள்களை முதலில் கேட்பது கப்பல் நிறுவனமாகத்தான் இருக்கும். ஆகவே "சுங்கத்துக்கு என்ன வேண்டும்" என்று மட்டும் கேட்டால் இது பட்டியலில் வராமலே போகலாம். "சரக்கை ஏற்றுவதற்கும் விடுவிப்பதற்கும் சேர்த்து" என்று கேளுங்கள். மின்பொருள் என்பதால் பாதுகாப்புத் தரச் சான்று, ஆற்றல் திறன் லேபிள், மின்கழிவுப் பொறுப்புப் பதிவு போன்றவை வேண்டுமா என்பது இறங்குகிற நாட்டைப் பொறுத்தது. இங்கேதான் மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும். சில சான்றுகளை வாங்க மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் பகுதி வரிக்காக. ஒப்பந்தச் சலுகை கிடைக்குமானால் பிறப்பிடச் சான்று வேண்டும். சாதாரணப் பிறப்பிடச் சான்று வேறு, சலுகைக்கான சான்று வேறு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிக் குழப்புவார்கள். எந்த ஒப்பந்தத்தின் கீழ், எந்தப் படிவத்தில் என்று முகவரிடம் எழுதி வாங்கி அதை அப்படியே விற்பனையாளருக்கு அனுப்புங்கள். சான்றில் இருக்கிற எச்.எஸ். குறியீடும் நீங்கள் இங்கே காட்டுகிற குறியீடும் மாறினால் சலுகை போய்விடலாம். அச்சுக்குக் கட்டிய தொகையும் இந்தப் பகுதியில்தான் வரும். பொருளைச் செய்வதற்காக வாங்குபவர் தருகிற அச்சு, கருவி போன்றவற்றின் மதிப்பைச் சுங்க மதிப்பில் சேர்க்கவேண்டும் என்று மதிப்பீட்டு ஒப்பந்தத்தின் 8ஆவது விதி சொல்கிறது. அச்சின் ரசீதையும் பணம் கட்டிய ஆதாரத்தையும் முகவர் கேட்பார். அடுத்தடுத்த ஆர்டர்களுக்கும் அதே அச்சு பயன்படுமானால், தொகையை எப்படிப் பிரித்துக் காட்டலாம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

நான்காவது, உங்களைப் பற்றியவை: இறக்குமதியாளர் பதிவு, வரிப் பதிவு, முகவர் உங்கள் சார்பாகச் செயல்படுவதற்கான அதிகாரக் கடிதம். சிறிய விஷயங்கள்தான். ஆனால் அதிகாரக் கடிதம் இல்லாமல் முகவரால் ஒரு தாளைக்கூடத் தாக்கல் செய்ய முடியாது. உங்கள் பதிவில் இருக்கிற பெயரும் பில் ஆஃப் லேடிங்கில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்று தாள்களின் பெயரோடு பதில் முடிந்துவிட்டால் என்ன செய்வது? ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "எந்தக் குறியீட்டை வைத்துச் சொல்கிறீர்கள்?" குறியீட்டைச் சொல்லாமல் தந்த பட்டியல் உங்கள் பொருளைப் பார்த்துத் தந்த பட்டியல் அல்ல.

முகவரும் உறுதியாகச் சொல்ல முடியாதபோது

குறியீடு எது என்பதில் முகவருக்கே ஐயம் இருக்கலாம். "இரண்டில் எதுவும் ஆகலாம்" என்று அவர் நேர்மையாகச் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்தான் வேண்டும். முடிவெடுப்பது சுங்கத் துறை, முகவர் அல்ல. பெரும்பாலான நாடுகளில் தாக்கல் செய்த விவரத்துக்குப் பொறுப்பும் முதலில் இறக்குமதியாளர்மேல்தான் விழும். "முகவர் சொன்னார்" என்பது வரி வித்தியாசத்திலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம், பொருளின் வகைப்பாட்டையும் பிறப்பிடத்தையும் பற்றி முன்கூட்டியே எழுத்தில் தீர்ப்பு தரும் ஏற்பாட்டை உறுப்பு நாடுகள் செய்யவேண்டும் என்கிறது. அந்தத் தீர்ப்பு, நீங்கள் தந்த விவரங்கள் மாறாத வரையில் சுங்கத் துறையையும் கட்டுப்படுத்தும். நேரம் பிடிக்கும், ஒருமுறை மட்டும் வருகிற சிறு சரக்குக்கு இது பொருந்தாது. ஆண்டு முழுதும் அதே விளக்கை வரவழைக்கப்போகிறீர்கள் என்றால், "முன் தீர்ப்புக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று முகவரிடம் கேட்பது நல்ல முதலீடு.

வரைவுகளை ஒப்பிடுவது

பட்டியலை விற்பனையாளருக்கு அனுப்பியாயிற்று. இனி கப்பல் கிளம்புவதற்கு முன்பு ஆவணங்களின் வரைவுகளை வாங்கி முகவரிடம் காட்டவேண்டும். பில் ஆஃப் லேடிங்கின் வரைவும் இதில் சேர்த்தி. வரைவில் திருத்துவது எளிது. கப்பல் கிளம்பிச் சரக்குப் பட்டியல் சுங்கத்துக்குப் போன பிறகு திருத்தினால் கட்டணமும் விளக்கக் கடிதமும் தேவைப்படும்.

நம்முடைய சரக்கில் வரைவுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம். இன்வாய்ஸில் 1,200 விளக்குகள், 60 பெட்டிகள். பேக்கிங் லிஸ்டில் 61 பெட்டிகள், மொத்த எடை 793 கிலோ. பில் ஆஃப் லேடிங்கில் 3 பொதிகள், 838 கிலோ. மூன்று தாள், மூன்று கணக்கு.

விசாரித்தால் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. போக்குவரத்தில் உடைந்தால் மாற்றுவதற்காக விற்பனையாளர் 20 விளக்குகளை இலவசமாக வைத்திருக்கிறார். அதுதான் 61ஆவது பெட்டி. ஒரு பெட்டியின் எடை 13 கிலோ. 61ஆல் பெருக்கினால் 793 வந்துவிடுகிறது. பில் ஆஃப் லேடிங்கில் மூன்று பேலட்டுகளின் எடையையும் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 15 கிலோ, ஆக 45. கூட்டினால் 838. பெட்டிகளை எண்ணாமல் பேலட்டுகளை எண்ணியதால் அங்கே 3 பொதிகள்.

ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. ஆனால் இந்தக் காரணங்கள் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. பெட்டியைத் திறந்து எண்ணுகிற அதிகாரிக்கு 1,220 விளக்குகள் கிடைக்கும், இன்வாய்ஸில் 1,200 இருக்கும். அந்த 20 விளக்குகள் அறிவிக்கப்படாத சரக்கு ஆகிவிடும். அன்போடு வைத்த இலவசப் பெட்டி அபராதத்தில் முடியலாம்.

திருத்தம் சிறியதுதான். இன்வாய்ஸில் இரண்டாவது வரியாக "மாற்று விளக்குகள் 20, கட்டணம் இல்லை, சுங்க மதிப்புக்காக மட்டும்" என்று எழுதி ஒன்றின் உண்மையான விலையைப் போடச் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்று போடக்கூடாது. இலவசமாக வந்தாலும் பொருளுக்கு மதிப்பு இருக்கிறது. பேக்கிங் லிஸ்டில் பேலட்டோடு 838 கிலோ, பேலட் இல்லாமல் 793 கிலோ, நிகர எடை 732 கிலோ என்று மூன்றையும் எழுத வேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் "3 பேலட்டுகளில் 61 அட்டைப்பெட்டிகள்" என்று வரவேண்டும். இன்வாய்ஸிலும் 61 என்று மாறவேண்டும்.

எண்களுக்குப் பிறகு சொற்கள். பொருளின் பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் "மேசை விளக்கு", இன்னொன்றில் "கையடக்க விளக்கு" என்று இருந்தால், முன்பு பார்த்த 8513க்கும் 9405க்கும் நடுவே நீங்களே விவாதத்தைத் தொடங்கி வைக்கிறீர்கள். "பரிசுப் பொருட்கள்", "உதிரிப் பொருட்கள்" போன்ற பொதுப் பெயர்களை ஒப்புக்கொள்ளாதீர்கள். சோதனைச் சுருக்கத்தில் இருக்கிற பேட்டரி மாடல் எண், விவரத் தாளில் இருக்கிற அதே எண்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பேலட் அடுக்கிய பிறகு மரத்தின் முத்திரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோதுமைக் கதிர் போன்ற சின்னமும், நாட்டுக் குறியீடும், சிகிச்சையைக் காட்டும் எழுத்துகளும் அதில் இருக்கும். வெப்பச் சிகிச்சை என்றால் எழுத்து `HT`.

சரக்கு வந்துகொண்டிருக்கும்போது

எல்லாத் தாளும் சரியாகிவிட்டால் முகவரிடம் கேட்க இன்னும் ஒன்று இருக்கிறது: எத்தனை நாளைக்கு முன்பே தாக்கல் செய்யலாம்? பல நாடுகளில் கப்பல் வருவதற்கு முன்பே தாக்கல் செய்ய அனுமதி உண்டு. சில நாடுகளில் தாமதமாகத் தாக்கல் செய்தால் அபராதமும் உண்டு. கிடங்கில் கட்டணமில்லாத நாட்கள் எத்தனை, அவை எந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன என்றும் கேளுங்கள். கப்பல் கரை தொட்ட நாளிலிருந்தா, கன்டெய்னரைப் பிரித்த நாளிலிருந்தா என்பதில் வித்தியாசம் இருக்கிறது. முழுக் கன்டெய்னராக இருந்தால் துறைமுகத்துக்குள் நிற்கிற நாட்களுக்கு டெமரேஜ், வெளியே எடுத்துப்போன கன்டெய்னரைத் திருப்பித் தராத நாட்களுக்கு டிடென்ஷன் என்று இரண்டு கணக்கு ஓடும்.

அதிகாரி கூடுதல் விளக்கம் கேட்டால் முகவர் உங்களிடம் அரைகுறையாகச் சொல்லக்கூடும்: "ஏதோ கேட்கிறார்கள், கேட்லாக் அனுப்புங்கள்." அப்போது கேள்வியின் வாசகத்தை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். மதிப்பைப் பற்றிய கேள்விக்கு கேட்லாக் பதிலாகாது. அதற்கு ஆர்டர், பணம் கட்டிய ஆதாரம், பேரம் பேசிய கடிதங்கள் வேண்டும். வகைப்பாட்டைப் பற்றிய கேள்விக்கு வங்கிச் சீட்டு பயன்படாது. அதற்கு விவரத் தாளும் படமும் வேண்டும். கேள்வி எதைப் பற்றியது என்று தெரியாமல் கையில் இருப்பதையெல்லாம் அனுப்பினால், ஒவ்வொரு தாளும் ஒரு புதுக் கேள்வியைக் கிளப்பும்.

சரக்கு வீடு வந்து சேர்ந்ததும் முகவரிடமிருந்து தாக்கல் செய்த சுங்கப் படிவத்தின் நகல், வரி கட்டிய ரசீது, அதோடு அவர் இணைத்த எல்லா ஆவணங்களின் தொகுப்பு ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு விடுவிக்கப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் கழித்துத் தணிக்கைக்கு அழைக்கலாம். எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். வாங்கியதும் படிவத்தைத் திறந்து, அவர் கடிதத்தில் எழுதிய குறியீடும் படிவத்தில் போட்ட குறியீடும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஏன் என்று அன்றே கேளுங்கள். அடுத்த முறை விளக்குகளை வரவழைக்கும்போது பட்டியல் அந்தக் குறியீட்டிலிருந்துதான் தொடங்கும்.